மூன்றாவது மாதத்து நோட்டு

கேள்வி: அக்கவுண்ட்ஸில் 4 வருட அனுபவம். சென்னையில் வேலை தேடி மூன்றாவது மாதம் ஆரம்பித்துவிட்டது. தினமும் அப்ளை செய்கிறேன், போனே வருவதில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் எதை மாற்றினீர்கள்? நாள்வாரியாகச் சொன்னாலும் படிக்கிறேன்.

பதில்: நானும் அக்கவுண்ட்ஸ்தான். பாரிமுனையில் ஒரு டிரேடிங் கம்பெனியில் 5 வருடம் இருந்தேன். கணக்கு வேலை முழுவதையும் அவர்கள் வெளியூர் ஆபீசுக்கு மாற்றிவிட்டதால் மே 31 அன்று எனக்கு வேலை போனது. வில்லிவாக்கத்தில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறேன். தேடிய நாட்களில் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வந்தேன். அதில் ஆகஸ்ட் பக்கங்களை அப்படியே தருகிறேன். இப்போது தோன்றுவதை ஓரிரு இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டு மாதத்தையும் இன்று கூட்டிப் பார்த்தேன். அப்ளை செய்தது 143. போன் வந்தது 5. நேரில் போனது 1. செலக்ட் ஆனது இல்லை.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம், வித்தியாசம் எங்கே விழுகிறது என்று முதலில் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் 143 என்பது 5 ஆகிற இடத்தில்தான் எனக்குப் பள்ளம். நானோ இரண்டு மாதமாக இன்டர்வியூ கேள்வி பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இன்டர்வியூ வரைக்கும் போனால்தானே அது உதவும்?

ஆகஸ்ட் 2, சனி

பின்தெரு அக்கா ஒரு ஆள் எடுக்கும் கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "உன் ப்ரொஃபைலை நீ பாக்குற மாதிரி பாக்காத. நாங்க தேடுற மாதிரி தேடிப் பாப்போம், வா" என்று லேப்டாப்பைத் திறந்தார்.

ஆள் எடுப்பவர்கள் பக்கத்தில் ஜாப் சைட் என்பது ஒரு தேடல் பெட்டி, அவ்வளவுதான். வேலையின் பெயர், அனுபவம், ஊர், சம்பளம், எத்தனை நாளில் சேர முடியும், கடைசியாக எப்போது சைட்டுக்குள் வந்தார் என்று ஒவ்வொன்றாக வடிகட்டுகிறார்கள். நாம் அப்ளை செய்து காத்திருக்கும் நேரத்தில், அவசரமாக ஆள் வேண்டியவர்கள் அப்ளை செய்தவர்களின் பட்டியலைப் பார்க்காமல் நேராக இங்கே தேடி போன் போட்டுவிடுகிறார்கள் என்றார் அக்கா.

அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ், 4 முதல் 7 வருடம், சென்னை, 15 நாளுக்குள் சேருபவர் என்று போட்டுத் தேடினார். பக்கம் பக்கமாகத் தள்ளியும் நான் இல்லை. "சேரும் நாள்" வடிகட்டியை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பத் தேடினார். வந்துவிட்டேன்.

என் ப்ரொஃபைலில் நோட்டீஸ் பீரியட் 2 மாதம் என்று இருந்தது. வேலையில் இருந்தபோது, மூன்று வருடம் முன்பு நானே போட்டது. வேலை போய் இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிற நான், கூப்பிட்டால் இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா வீட்டில் காபி ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நோட்டீஸ் பீரியடை `15 Days or less` என்று மாற்றினேன். வேலை முடிந்த தேதியையும் போட்டேன். அதுவரை `Present` என்றே இருந்தது.

அடுத்து தலைப்பு வரி. முன்பு இருந்தது:

```
Hardworking professional seeking a challenging role
```

இதில் யாரும் தேடுகிற சொல் ஒன்றுகூட இல்லை என்றார் அக்கா. உழைப்பாளி வேண்டும் என்று யாரும் டைப் செய்து தேடுவதில்லை, செய்ய வேண்டிய வேலையின் பெயரைத்தான் டைப் செய்வார்கள். மாற்றியது:

```
Accounts Executive, 5 yrs, GSTR-1, GSTR-3B,
GSTR-2B Reconciliation, TDS, TallyPrime, Immediate Joiner
```

எல்லாம் ஐந்து வருடம் கையால் செய்த வேலைகள்தான். செய்யாத எதையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் நேரில் இரண்டாவது கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

ரெஸ்யூமேக்கு அக்கா சொன்ன சோதனை சுலபமானது. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். என்னுடையது இரண்டு பத்தி டிசைன், இடது பக்கம் நீலப் பட்டை. ஒட்டிப் பார்த்தால் இடது பத்தியும் வலது பத்தியும் வரிக்கு வரி கலந்து, கம்பெனி பெயருக்கு நடுவில் நான் படித்த காலேஜ் வருகிறது. போன் நம்பர் வரவே இல்லை, ஏனென்றால் அது படமாக இருந்தது. பல கம்பெனிகளில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது சாஃப்ட்வேர். அதற்குக் கிடைப்பது இந்தக் கலங்கல்தான். ராத்திரி உட்கார்ந்து ஒரே பத்தியாக, சாதாரண வேர்டில், பெயருக்குக் கீழேயே நம்பரை எழுத்தாகப் போட்டுத் திருப்பி அடித்தேன். பார்க்க அழகு குறைந்துவிட்டது. நோட்பேடில் சரியாக வந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

திங்களிலிருந்து நாலு போன்! நாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன, திரும்பக் கூப்பிடவில்லை. பள்ளம் இப்போது இங்கே வந்துவிட்டது.

என்ன பேசினேன் என்று எழுதிப் பார்த்தேன். "ஏன் விட்டீங்க?" என்றதும் முதலாளி முடிவு, வெளியூர் ஆபீஸ், யார் யார் போனார்கள் என்று மூன்று நிமிடம். "சிடிசி எவ்வளவு?" என்றதற்கு 3.12 லட்சம் என்றேன். கைக்கு வந்த 26,000-ஐ 12-ஆல் பெருக்கியது. அக்கவுண்ட்ஸ்காரி செய்யக்கூடாத தப்பு.

சம்பளச் சீட்டை எடுத்துப் போட்டேன். மாத கிராஸ் 28,000. அதில் பேசிக் 15,000. என் பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,800. தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200. அவை போகத்தான் 26,000. சிடிசி என்பது கம்பெனிக்கு நான் ஆகிற செலவு. கிராஸ் 28,000-உடன் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800-ஐயும், கிராஜுவிட்டிக்குப் பேசிக்கில் 4.81 சதவீதமான சுமார் 720-ஐயும் சேர்த்தால் மாதம் 30,520. வருடத்துக்கு 3.66 லட்சம். நான் என்னையே 54,000 ரூபாய் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். எதிர்பார்ப்பும் அந்தக் கணக்கில் இறங்கிவிடும். கிராஜுவிட்டியைச் சிடிசியில் சேர்க்காத கம்பெனிகளும் உண்டு, அதனால் எதைச் சேர்த்துச் சொல்கிறோம் என்பதையும் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

நாலு வரி எழுதி செல்லுக்குப் பின்னால் ஒட்டினேன். "அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்டை வெளியூருக்கு மாத்திட்டாங்க, மே 31 ரிலீவ் ஆனேன்." "சிடிசி 3.66." "எதிர்பார்ப்பு 4 முதல் 4.3." "நாளைக்கே சேரலாம், அம்பத்தூர், கிண்டி ரெண்டும் ஓகே." அதற்கு மேல் அவர்கள் கேட்டால் மட்டும் பேசுவது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஈக்காட்டுத்தாங்கலில் 13-ஆம் தேதி இன்டர்வியூ. நாலு வரி பேசினேன், போனிலேயே தேதி கொடுத்தார்கள். பிஎஃப் யுஏஎன் சர்வீஸ் ஹிஸ்டரியின் ஸ்க்ரீன்ஷாட் கேட்டார்கள். திறந்தால் பழைய கம்பெனிக்கு எதிரே வெளியேறிய தேதி காலி. அதைப் பார்ப்பவருக்கு நான் இன்னும் அங்கேயே வேலை செய்வதாகத்தான் தெரியும். பழைய ஆபீசில் நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கடைசி பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் அந்தத் தேதியை நாமே போடலாம். பிஎஃப் மெம்பர் போர்ட்டலில் `Manage`, அதில் `Mark Exit`. ஆதாரோடு இணைந்த செல்லுக்கு ஓடிபி வரும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் இருக்கும் தேதியைத்தான் போட முடியும். தப்பாகப் போட்டுவிடக் கூடாது என்பதால் ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்து மே 31 என்று போட்டேன். நீங்களும் மூன்றாவது மாதத்தில் இருப்பதால், பழைய ஆபீஸ் போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூன்று நாளாகப் போன் இல்லை. "ஆடி முடியட்டும்மா" என்கிறாள் அம்மா. காரணம் வேறு என்று நினைக்கிறேன். நம்மை எடுக்க வேண்டிய மேனேஜர்களும் அக்கவுண்ட்ஸ்தான். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 14-இல் சப்ளையர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வரும், 20-இல் 3பி. இந்தப் பத்து நாளில் நானே அம்மாவின் போனைக்கூட எடுக்க மாட்டேன். 21-இலிருந்து கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஆறு பேரின் பெயரைக் குறித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஈக்காட்டுத்தாங்கல். தோற்றேன்.

பேச்செல்லாம் நன்றாகப் போனது. பிறகு ஒரு கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, பர்ச்சேஸ் ரிஜிஸ்டர் ஒரு ஷீட், 2பி ஒரு ஷீட், இரண்டையும் ஒத்துப்பார்த்து எந்தப் பில்லின் வரியை இன்புட்டாகக் கழிக்கலாம் என்று 40 நிமிடத்தில் சொல்லச் சொன்னார்கள். 210 பில். பில் நம்பரை வைத்து `VLOOKUP` போட்டேன். 60 பில் பொருந்தவில்லை என்று வந்தது. அப்படியே காட்டினேன்.

"இந்த அறுபதும் சப்ளையர் தப்பாம்மா?" என்று கேட்டார் மேனேஜர். கோபமில்லாமல்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பழைய ஆபீசில் ஒரு மென்பொருள் இதைச் செய்து கொடுக்கும், நான் மீதியை மட்டும் பார்ப்பேன். ஐந்து வருடம் செய்ததாக எழுதிய வேலையின் பாதியை நான் கையால் செய்ததே இல்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

நாலு நாளாக இதே வேலை. தம்பியின் லேப்டாப்பில் 200 பில்லுக்கு ஒரு மாதிரி ஷீட் நானே செய்தேன், வேண்டுமென்றே தப்புகளைக் கலந்து.

60 ஏன் வந்தது என்று இப்போது புரிகிறது. சப்ளையர் போர்ட்டலில் `INV/25-26/0045` என்று ஏற்றியிருப்பார், நம் ஆள் டேலியில் `45` என்று போட்டிருப்பார். இரண்டும் ஒரே பில், எக்செலுக்கு வேறு வேறு. சரி, வெறும் 45-ஐ வைத்துத் தேடலாம் என்றால் நாலு சப்ளையரிடம் 45-ஆம் நம்பர் பில் இருக்கும். அதனால் முதலில் இரண்டு ஷீட்டிலும் பில் நம்பரின் கடைசி எண்களை மட்டும் தனிப் பத்தியில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்றை டைப் செய்து `Ctrl+E` அடித்தால் எக்செல் மீதியைப் பிரிக்கும், தப்பாகவும் பிரிக்கும் என்பதால் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணை ஜிஎஸ்டி நம்பரோடு ஒட்டினால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு சாவி கிடைக்கிறது:

```
=A2&"|"&VALUE(C2)
=SUMIFS(Portal!$F:$F,Portal!$E:$E,E2)-F2
```

இரண்டு ஷீட்டிலும் ஏ பத்தியில் ஜிஎஸ்டி நம்பர், சியில் பிரித்த எண், ஈயில் முதல் சூத்திரத்தில் செய்த சாவி, எஃபில் வரித் தொகை. 2பி ஷீட்டின் பெயர் `Portal`. `VALUE` முன்னால் இருக்கும் சைபர்களை உதிர்த்துவிடும். இரண்டாவது சூத்திரம் போர்ட்டலில் உள்ள வரித் தொகையிலிருந்து நம் வரித் தொகையைக் கழிக்கிறது. சைபரோ ஒரு ரூபாய்க்குள்ளோ வந்தால் அந்தப் பில் முடிந்தது.

என் ஷீட்டில் 58 பொருந்தாதது 11 ஆகக் குறைந்தது. அந்தப் பதினொன்றைப் பிரிப்பதுதான் உண்மையான கணக்கு வேலை. நம் புத்தகத்தில் இருந்து 2பி-யில் இல்லாவிட்டால் சப்ளையர் இன்னும் ஃபைல் செய்யவில்லை, அல்லது 11-ஆம் தேதிக்குப் பின் செய்திருக்கிறார், அடுத்த மாத 2பி-யில் வரும். அது வரும்வரை இன்புட் எடுக்கக் கூடாது. 2பி-யில் இருந்து நம்மிடம் இல்லாவிட்டால் பில் நம் கைக்கு வரவில்லை, அல்லது வேறு யாருடையதோ நம் நம்பரில் ஏறிவிட்டது. தொகை மட்டும் வேறானால் லாரி வாடகை, தள்ளுபடி, கிரெடிட் நோட் என்று தேட வேண்டும். இன்னொன்று, நாம் சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி என்று போட்டதைச் சப்ளையர் ஐஜிஎஸ்டி என்று போட்டிருப்பது. மொத்த வரி ஒன்றாகவே இருப்பதால் என் சூத்திரம் அதைப் பிடிக்காது, அந்தப் பத்திகளைத் தனியாக ஒப்பிட வேண்டும்.

முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது. இன்று 35 நிமிடம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வடபழனியில் மாடியில் ஒரு ஆபீஸ். "வேலை கன்ஃபர்ம், 3,000 கட்டினா நாளைக்கு ஆர்டர்" என்றார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன், பணம் கட்டிய பிறகு சொல்வார்களாம். எழுந்து வந்துவிட்டேன். பின்தெரு அக்காவின் ஆபீசில் பணம் கொடுப்பது ஆள் எடுக்கும் கம்பெனி. வேலை தேடுகிறவரிடம் அவர்கள் ஒரு ரூபாய் வாங்குவதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

3பி முடிந்த மறுநாள். குறித்துவைத்த ஆறு பேரையும் கூப்பிட்டேன். ஐந்து பேர் எடுத்தார்கள்!

அதில் ஒருவர், பழைய கம்பெனிக்கு ஆடிட்டுக்கு வந்துகொண்டிருந்த ஆடிட்டர் ஆபீஸ் அண்ணன். இவரை ஜூன் மாதமே கூப்பிட்டிருக்க வேண்டும், வேலை போனதைச் சொல்லக் கூச்சம். "நீயா? ஏம்மா ரெண்டு மாசமா சொல்லல? பட்டரவாக்கத்துல நம்ம கிளையன்ட் ஒருத்தர், ஆட்டோ பார்ட்ஸ். அக்கவுண்டன்ட் நின்னுட்டாங்க. செப்டம்பர் 30-க்குள்ள டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் போடணும், ஷெட்யூல் ஒண்ணும் ரெடியா இல்ல. நாளைக்கே வர்ற ஆள் கேக்குறாங்க" என்றார்.

சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் தங்கள் ஆடிட்டரிடம்தான் கேட்கிறார்கள். எந்த சைட்டிலும் அது வருவதற்கு முன்பே ஆள் கிடைத்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பட்டரவாக்கம். ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். நான் அனுப்பிய ஒரு பத்தி ரெஸ்யூமேயைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார்கள், நாளைக்கே சேரலாம் என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு.

இங்கும் அதே பரீட்சை, 160 பில். ஆரம்பிக்கும் முன், "கிரெடிட் நோட் இந்த ஷீட்டிலேயே இருக்குதா, தனியா இருக்குதா சார்?" என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மீதி நின்றது 8. எட்டுக்கும் காரணத்தை எதிரில் எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கு எனக்குத் தெரியவில்லை, சப்ளையரிடம் கேட்க வேண்டும் என்றே எழுதினேன். சிடிசி கேட்டபோது செல்லின் பின்புறத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

மெயில் வந்தது. 4.08 லட்சம். ஆறு மாதம் ப்ரொபேஷன், செப்டம்பர் 1 சேர வேண்டும். அம்மா சாமி படத்துக்கு முன்னால் செல்லையே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

ஆகஸ்டைக் கூட்டினேன். அப்ளை 38, போன் 11, நேரில் 3, வேலை 1. அந்த ஒன்று இந்த 38-இல் இல்லை, ஆடிட்டர் ஆபீஸ் வழியாக வந்தது. ஆனால் 13-ஆம் தேதி தோற்காமல் 25-ஆம் தேதி அங்கே போயிருந்தால், பொருந்தாத பில்களை அப்படியே காட்டிவிட்டு வந்திருப்பேன். 13-ஆம் தேதி இன்டர்வியூ கிடைத்தது நோட்டீஸ் பீரியடையும் போன் பேச்சையும் மாற்றியதால்.

செப்டம்பர் 1, திங்கள்

8:10 ரயிலுக்கு வில்லிவாக்கத்தில் 7:40-க்கே நின்றேன். டேபிளில் ஜூலை 2பி பிரின்ட், அதில் 17 பில் வட்டமிட்டிருந்தது. "யாருக்கு முதல்ல போன் பண்ணுவீங்க?" என்றார் மேனேஜர். வரித் தொகைப்படி பெரியதிலிருந்து வரிசைப்படுத்தினேன். முதல் மூன்று பில்லும் ஒரே சப்ளையர். நம்பரைக் கேட்டு வாங்கிப் போட்டேன். நாலாவது ரிங்கில் எடுத்தார்.